எட்டுச் சீட்டில் பதினோரு நிலையம்

யாக் மாடு மேய்க்கிற எசென்குல், மாஸ்கோவுக்குப் பெண் பார்க்கப் போய், பாதாள ரயிலில் பன்னிரண்டு சீட்டு வாங்கினான் என்று எங்கள் கிர்கிஸ்தானில் நாரின் பக்கத்தில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது பொய். பெண்ணின் சன்னலுக்குப் போய்ச் சேரும் முன் அவன் வாங்கியது எட்டே எட்டுச் சீட்டுதான். இல்லாததைச் சேர்த்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

பெண்ணின் பெயர் ஜூரா. நாரின்காரிதான். மாஸ்கோ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ‘உனிவெர்சிதேத்’ என்கிற மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு விற்கிறாள். எசென்குலின் மச்சான் ஒருவன் இருவருக்கும் தொலைபேசி எண்ணை மாற்றிக் கொடுத்தான். எசென்குல் இருக்கும் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறி, குதிரைமேல் உட்கார்ந்தால் கிடைக்கும். பனிக்காலம் முழுக்க அப்படிப் பேசினார்கள். மார்ச் மாதம் வந்தபோது, மாலை ஆறு மணியானால் குதிரை தானே மேட்டில் போய் நின்றுவிடும். எசென்குல் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

ஏப்ரலில் ஜூரா தன் நிபந்தனையைச் சொன்னாள்.

“இங்க பாருங்க, எசென்குல். எனக்கு ஒரு புருஷன் இருந்தாரு, தெரியும்ல?”

“மச்சான் சொன்னான்.”

“ரொட்டி வாங்கணும்னாக்கூட என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடைக்கு வருவாரு. ரஷ்யன்ல ஒரு வார்த்த பேசமாட்டாரு. நான்தான் வாய், நான்தான் காது. கடைசியில வேற ஒருத்தி கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அதனால இந்தத் தடவ நான் யாரையும் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போகமாட்டேன். மாஸ்கோ வந்ததும் கஸான் ஸ்டேஷன்ல இறங்குங்க. நீங்களே மெட்ரோ சீட்டு வாங்குங்க, நீங்களே வழி கேளுங்க. எல்லாம் ரஷ்யன்ல. என் சன்னலுக்கு வந்து, என்கிட்டயும் ரஷ்யன்ல ஒரு சீட்டு கேளுங்க. கூட ஆளு வரக்கூடாது, டாக்சி கூடாது, வழியில நம்ம ஊர்க்காரங்க யாரையாவது பிடிச்சு கிர்கிஸ்ல கேக்கவும் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

“ஒரு மணிக்கு எனக்கு இடைவேளை, சன்னல மூடிருவேன். அதுக்குள்ள வந்தா ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம், மத்ததையும் பேசுவோம். வரலேன்னா, வந்த ரயில்லயே திரும்பிப் போயிருங்க. எனக்கு வருத்தம் இருக்காது.” பிறகு, “கொஞ்சம் இருக்கும்,” என்றாள்.

எசென்குலுக்கு ரஷ்ய எழுத்து வாசிக்கத் தெரியும். கிர்கிஸையும் அதே எழுத்தில்தானே எழுதுகிறோம். அர்த்தம்தான் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ரஷ்ய வாத்தியார் இரண்டாம் பாடத்தோடு ஒரு குதிரை வாங்கப் போனார்; குதிரை மட்டும் வந்து சேர்ந்தது. ஆகவே அவன் பக்கத்துக் கொட்டகை ஷைலோவிடம் போனான். ஷைலோ பழைய சோவியத் பட்டாளத்தில் இரண்டு வருஷம் இருந்தவர். ஒரு நோட்டில் ஒன்பது வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிர்கிஸில் பொருளும் எழுதிக் கொடுத்தார். வரிசையில் கடைசி ஆள் யார் என்று கேட்பது ஒன்று. ஒரு பயணத்துக்குச் சீட்டு கேட்பது ஒன்று. இன்ன இடத்துக்கு எப்படிப் போவது என்பது ஒன்று. ஆறாவது, “வி விஹோதித்யே?” என்பது; எதிரே “வெளியே போகிறீர்களா?” என்று போட்டிருந்தது. ஏழாவது, “தோழர் லெப்டினன்ட், நான் போக அனுமதியுங்கள்!” மீதி உருளைக்கிழங்கு உரிப்பது பற்றியவை.

“ஆறாவது எதுக்குண்ணே?” என்று எசென்குல் கேட்டான்.

“அத நீ சொல்ல வேண்டாம். மெட்ரோவுல எல்லாரும் உன்கிட்டச் சொல்லுவானுங்க. காதுல விழுந்தா புரியணும்ல?” என்றார் ஷைலோ. மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் கிடையாது. அதை ஷைலோ இன்றைக்கும் சொல்வார்.

ரயிலில் மூன்று நாளைக்கு மேல் ஒன்பது வாக்கியங்களையும் சொல்லிச் சொல்லி, கடைசி இரவில் அவன் தூக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்ததாக மேல் படுக்கைக்காரர் சாட்சி சொன்னார்.

கஸான் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஒன்பதே முக்கால். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் காய்ந்த தயிர் உருண்டை ஒரு பை. ஒரு மணிக்கு இன்னும் மூன்றேகால் மணி நேரம். ஜூரா சொன்ன கணக்குப்படி வழி அரைமணி நேரம்கூடக் கிடையாது. ஒரே கோடு, மாற வேண்டியதில்லை, பதினோராவது நிலையம். எசென்குல் அவசரப்படவில்லை.

கீழே மெட்ரோ சீட்டுச் சன்னலுக்கு முன் ஒரு கும்பல் கலைந்து நின்றது. யாரும் யார் பின்னாலும் நிற்பதாகத் தெரியவில்லை. எசென்குல் முதல் வாக்கியத்தை எடுத்து விட்டான். “க்தோ பஸ்லேத்னி?”

சுவரில் சாய்ந்திருந்த கோட்டுக்காரர் ஒருவர், திரும்பாமலேயே விரலைத் தூக்கினார். “நான்தான்.”

அவ்வளவுதான். எசென்குல் அவர் பின்னால் நின்றான். அடுத்து வந்த அம்மாள் அதையே அவனிடம் கேட்டாள். அவன் தன் நெஞ்சில் விரலை வைத்தான். மாஸ்கோவில் கால் வைத்துப் பத்து நிமிஷத்தில் தன்னிடம் ஒருவர் தகவல் கேட்டு, அதைச் சரியாகவும் சொல்லிவிட்டோம் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

சன்னலில் அவன் குனிந்து, “அத்னூ பயேஸ்த்கு, பஜாலுஸ்தா” என்றான். ஒரு பயணம், தயவுசெய்து.

“என்னது?” என்றாள் உள்ளே இருந்தவள்.

அவன் மறுபடி சொன்னான். தொப்பியைக் கழற்றிவிட்டும் ஒருதரம் சொன்னான்.

“ஒண்ணா?”

கேள்வி கேட்கத்தான் ஷைலோ சொல்லிக் கொடுத்திருந்தார். எதிராளி திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று நோட்டில் இல்லை. “ஸ்பசீபா” என்று நன்றி சொன்னான்.

“ஒண்ணா, ரெண்டா?”

“ஸ்பசீபா.”

அவள் பெருமூச்சு விட்டு, ஒரு அட்டைச் சீட்டைத் தள்ளினாள். அதை முன்னால் போனவர்கள் செய்ததைப் போல வாயிலில் இருந்த வட்டத்தில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனான். சீட்டைத் தூக்கிப் போட மனமில்லை. தொப்பியின் மடிப்பில் செருகிக்கொண்டான்.

நடைமேடையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஊழியர் அம்மாள் நின்றிருந்தாள். அவளிடம் மூன்றாவது வாக்கியம். “இஸ்வினீத்யே, காக் தயேஹத் தா உனிவெர்சிதேத்தா?”

அவள் கையால் இடப்பக்கத்து ரயிலைக் காட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த பெயர்ப் பட்டியலுக்கு அழைத்துப்போய், விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாள். பதினொன்று. அவனும் கூடவே எண்ணினான். பதினொன்றுதான்.

பெட்டியில் ஏறிக் கதவோரமாக நின்றான். அறிவிப்பில் ஆண் குரல் ஒன்று, கதவுகள் மூடுகின்றன, அடுத்தது இன்ன நிலையம் என்றது. ஜூரா இதைச் சொல்லியிருந்தாள்: “ஆம்பளக் குரல் வர்ற வரைக்கும் ஊர் நடுவப் பாத்துப் போறீங்க. பொம்பளக் குரல் வந்துட்டா நடுவத் தாண்டியாச்சு, என் பக்கம் வர்றீங்கன்னு அர்த்தம்.” எசென்குல் அந்த ஆணைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டான்.

ரயில் வேகம் குறைந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பெண், மிகவும் மரியாதையாக, “வி விஹோதித்யே?” என்றாள்.

ஆறாவது வாக்கியம். ஷைலோ சொன்னபடியே வந்துவிட்டது. வெளியே போகிறீர்களா?

இங்கே எசென்குலின் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே விருந்தாளியை யாரும் போ என்று சொல்வதில்லை. அது பெரிய அசிங்கம். கூடாரத்தில் இடம் போதாமல் வேறு ஆட்கள் வந்துவிட்டால், வீட்டுக்காரர் மெல்லக் குனிந்து, “கிளம்புறீங்களா?” என்று மட்டும் கேட்பார். நல்ல குடும்பத்தில் பிறந்தவன் உடனே பூட்ஸைத் தேடுவான். “இல்லை, இன்னும் இருக்கிறேன்” என்று சொன்னவன் ஒருத்தன் உண்டு. அவனை அறுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

எசென்குல் தொப்பியைத் தொட்டு வணங்கி, இறங்கினான். அந்தப் பெண்ணும் பின்னாலேயே இறங்கினாள். வழியனுப்ப வருகிறாள் என்று அவனுக்கு நெகிழ்ந்துவிட்டது. அவன் நின்று திரும்புவதற்குள் அவள் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். வெளியே போ என்றால் முழுக்கத்தானே போக வேண்டும்? நகரும் படிக்கட்டில் நெடுநேரம் ஏறி, தெருவுக்கு வந்து, தூறலில் நின்றான். பெயர்ப் பலகையில் ‘சிவப்பு வாசல்’ என்று இருந்தது. பட்டியலில் அது முதலாவது.

மறுபடி வரிசை. மறுபடி “ஒரு பயணம், தயவுசெய்து.” இந்த முறை சன்னல்காரி இரண்டாம் தடவையிலேயே புரிந்துகொண்டாள். ஒன்றா என்று கேட்டதற்கு அவன் ஒரு விரலைக் காட்டினான்.

அடுத்த நிலையத்தில் ஒரு வாலிபன் கேட்டான். எசென்குல் இறங்கினான். அதற்கடுத்ததில் கேக் பெட்டி வைத்திருந்த ஒரு பெரியவர் கேட்டார். இறங்கினான். நான்காவதில் ஒரே நேரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். அவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை, ஒருவர் கேட்டால் போதாதா என்று அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

ஆனால் கோபம் வரவில்லை. நகரும் படிக்கட்டில் நின்று யோசித்தபோது எல்லாம் நியாயமாகவே பட்டது. பெட்டி சின்னது. ஊர் பெரியது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சவாரி கிடைக்க வேண்டும். ஒரு சீட்டு என்பது யாராவது கேட்கிறவரைக்கும்தான் செல்லும் போலிருக்கிறது. மாஸ்கோக்காரர்கள் ஏன் சிரிப்பதில்லை என்பதும் அவனுக்கு விளங்கிவிட்டது. தினம் வேலைக்குப் போக ஒரு கட்டுச் சீட்டு, வர ஒரு கட்டுச் சீட்டு. யார்தான் சிரிப்பார்கள்?

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. நான்காவது சன்னலில் “அத்னூ பயேஸ்த்கு” என்றதும் சீட்டு வந்துவிட்டது. ஐந்தாவதில் சன்னல்காரர் ஏதோ கேட்டார், கேட்கும்போதே அவன் சில்லறையை எடுத்து வைத்தான். என்ன கேட்டார் என்று பிறகுதான் யோசித்தான்: சில்லறை இருக்கிறதா என்று. வழி கேட்பதிலும் அப்படியே. நேராக, வலப்பக்கம், கீழே, கடைசிப் பெட்டி என்ற சொற்களெல்லாம் முதலில் கையசைவாக வந்தன. பிறகு கையில்லாமலேயே வந்தன. ஒரு காவலர் அவனிடம், “நேரா போய், இடது பக்கம் படி. ஆனா அந்தப் படி இல்ல, அடுத்தது” என்றார். எசென்குல் “அடுத்தது” என்று திருப்பிச் சொன்னான். காவலர் தலையாட்டினார்.

ஐந்தாவது நிலையத்திலும் யாரோ கேட்டார்கள், இறங்கி ஏறினான். நடு ஊரைத் தாண்டியதும் ரயிலில் பெண் குரல் வந்தது. எசென்குல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். ஆறாவது நிலையத்தில் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என்ன தவறு செய்தோமோ என்று சுற்றிலும் பார்த்தான். ஏழாவது, பூங்கா நிலையத்தில், கையில் நாய்க்குட்டியோடு ஒரு அம்மாள் கேட்டுவிட்டாள். நிம்மதியாக இறங்கினான்.

அங்கேதான் ஆபத்து வந்தது. மேலே சீட்டுக் கூடத்தில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும் துடைப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, கிர்கிஸில் கத்தினாள்.

“அண்ணே! நம்ம ஊரா? நாரினா, ஓஷா?”

நாலு நாளாகக் கேட்காத தாய்மொழி. எசென்குலின் வாய் பாதி திறந்துவிட்டது. நிபந்தனை நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டான். பிறகு மிகத் தெளிவாக ரஷ்யனில், “மன்னிக்கவும், உனிவெர்சிதேத்துக்கு எப்படிப் போவது?” என்றான்.

“எதுக்கு ரஷ்யன்ல பேசுறீங்க? நான் தலாஸ்காரி. என் பேரு பாக்தகுல். தொப்பியப் பாத்தாலே தெரியுதே, எந்த மலைன்னு.”

“மன்னிக்கவும், எப்படிப் போவது—”

“ஓஹோ.” அவள் இடுப்பில் கை வைத்தாள். “மாஸ்கோ காத்து அடிச்சதும் அம்மா சொல்லிக்குடுத்தது மறந்துபோச்சா? எப்ப வந்தீங்க, நேத்தா? நேத்து வந்தவருக்கு இன்னைக்கே கிர்கிஸ் தெரியாதாம்! பதினாலு வருஷமா இருக்கேன், கனவுல கூட எனக்குத் தலாஸ்தான் வருது. தொப்பிய மட்டும் எதுக்குப் போட்டுக்கிட்டீங்க? மழைக்கா?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எசென்குலின் காது சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு கிர்கிஸ் வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஜூரா போச்சு. நோட்டைப் பிரித்தான். கைக்குக் கிடைத்தது ஏழாவது வாக்கியம். குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, “தோழர் லெப்டினன்ட், நான் போக அனுமதியுங்கள்!” என்றான்.

பாக்தகுல் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, “போங்கண்ணே, போங்க. ஆண்டவன் நல்ல டாக்டரக் காட்டட்டும்” என்றாள்.

எட்டாவது நிலையத்தில் தாடிக்காரர் ஒருவர் கேட்டு இறக்கினார். அதன் பெயர் ‘ஃப்ரூன்சென்ஸ்கயா’. எசென்குலின் பிறப்புச் சான்றிதழில் நம் தலைநகரத்தின் பழைய பெயர் அப்படித்தான் இருக்கும்: ஃப்ரூன்சே. இத்தனை நேரம் ரயிலில் போய், மூன்று நாள் வந்த வழியே திரும்பிவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. வெளியே ஓடிப் பார்த்தான். மலை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். சுவரில் மணி பன்னிரண்டு முப்பது.

இனி அரைமணி நேரம். இன்னும் மூன்று நிலையம். பழைய கணக்குப்படி, யாராவது ஒவ்வொரு நிலையத்திலும் கேட்டால், நேரம் போதாது. முதல்தடவையாக எசென்குலுக்குப் பயம் வந்தது. ஒரு முடிவும் வந்தது. எட்டாவது சீட்டை வாங்கி உள்ளே போனவன், பெட்டியில் ஏறியதும் கதவோரத்தில் நிற்கவில்லை. ஆட்களைப் பிளந்துகொண்டு, தொலைவான மூலைக்கு, கதவு திறக்காத பக்கத்துக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். விருந்தாளி ஒளிந்துகொள்வது அசிங்கம்தான். ஆனால் ஜூரா ஒரு மணிக்குச் சன்னலை மூடிவிடுவாள்.

யாரும் கேட்கவில்லை. ஒன்பதாவது நிலையம் போனது. அங்கே ஒரு பெருங்கூட்டம் ஏறியது. பந்தாட்ட மைதானப் பக்கம், கழுத்தில் கோடு போட்ட துணி சுற்றிய தடியர்கள், அவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாணவர்கள். பத்தாவதில் ரயில் ஆற்றின் மேல் நின்றது. கண்ணாடி வழியே வெளிச்சமும் தண்ணீரும் தெரிந்தன. இருபது பேர் முதுகுக்கு மேலாக எசென்குல் அதைப் பார்த்தான். அப்போதுதான் தன் நிலைமை புரிந்தது.

கதவுகள் மூடின. பெண் குரல், “அடுத்த நிலையம், உனிவெர்சிதேத்” என்றது.

அவனுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மனித மதில். பக்கத்தில் பெரிய வயலின் பெட்டியோடு ஒரு பெண். அவளுக்கு அப்பால் இரண்டு தடியர்கள். அப்புறம் வரைபடக் குழாய் வைத்திருந்த மாணவன், அப்புறம் ஒரு கிழவனார், அப்புறம் யார் யாரோ. “பஜாலுஸ்தா” என்றான். யாரும் அசையவில்லை. தோளால் இடித்தான். தடியர்களில் ஒருவர் திரும்பி, “எங்கய்யா இடிக்கிற, நானும் மனுஷன்தான்” என்றார். மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னான்: உனிவெர்சிதேத்துக்கு எப்படிப் போவது? “இதோ, இதான் அடுத்தது” என்று பலர் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். யாரும் நகரவில்லை. வண்டி வேகம் குறைந்தது.

மனிதன் பயத்தில் என்ன செய்வான்? காலையிலிருந்து தன் முதுகுக்குப் பின்னால் கேட்டதையே, அதே ராகத்தில், வயலின் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் எசென்குல் சொன்னான்.

“வி விஹோதித்யே?”

“நெத்” என்றாள் அவள். இல்லை. சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, அவன் இடத்துக்குத் தான் வந்து, தன் இடத்தை அவனுக்குக் கொடுத்தாள்.

எசென்குல் அவளையே பார்த்தான். அவள் இறங்கவில்லை. அவள் முகத்தில் வருத்தமும் இல்லை.

“வி விஹோதித்யே?” என்றான் தடியரிடம். “நெத்.” தடியர் வயிற்றை உள்ளே இழுத்தார். அடுத்த தடியரும் இழுத்தார். மாணவன் குழாயைத் தலைக்கு மேல் தூக்கினான். கிழவனார் மட்டும், “ஆமா தம்பி, இறங்குறேன். என் பின்னாலயே வா” என்றார்.

கதவு திறந்தது. எசென்குல் கிழவனாரின் பின்னாலேயே நடைமேடையில் வந்து நின்றான். ரயில் போய்விட்டது. வயலின் பெண் உள்ளேதான் இருந்தாள், தடியர்களும் இருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. கேட்கப்பட்ட எவரும் இறங்க வேண்டியதே இல்லை. நான் இறங்க வேண்டும், நீங்கள் இறங்காவிட்டால் வழிவிடுங்கள். அவ்வளவுதான் விஷயம். காலையிலிருந்து ஏழு முறை, யாரும் போகச் சொல்லாத இடத்திலிருந்து அவன் வணக்கம் சொல்லி வெளியேறியிருக்கிறான்.

அதை நினைத்து வெட்கப்பட நேரமில்லை. பன்னிரண்டு ஐம்பது. நகரும் படிக்கட்டில் இடப்பக்கமாக ஓடினான்.

மேலே சீட்டுச் சன்னலில் எட்டுப் பேர். “க்தோ பஸ்லேத்னி?” என்றான். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். சன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘இடைவேளை 13.00–13.30’ என்று எழுதியிருந்தது. வரிசை நகர்ந்தது. முன்னால் ஒருவர் மாதச் சீட்டைப் பற்றி நீண்ட சந்தேகம் கேட்டார். எசென்குலுக்கு அவர் கேட்டதில் பாதி புரிந்தது. அந்தப் பாதி அனாவசியம் என்றும் புரிந்தது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மாணவி விலகினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஜூரா. படத்தில் பார்த்ததைவிட முகம் கொஞ்சம் அகலம், கண் கொஞ்சம் கூர்மை. வெள்ளைத் தொப்பியை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஆனால் முகத்தில் எதுவும் காட்டவில்லை.

“சொல்லுங்க” என்றாள் ரஷ்யனில்.

“ஒரு பயணம், தயவுசெய்து.”

அவள் புருவம் உயர்ந்தது. “காசா, அட்டையா?”

“காசுதான். சில்லறை இருக்கு.”

“ஒண்ணா?”

“ஒண்ணு.” சீட்டு வந்தது, சில்லறை போனது. அவன் பழக்கத்தில் கையைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டி, சீட்டை எடுத்து, நன்றி சொல்லி, அடுத்த ஆளுக்கு வழிவிட ஒதுங்கியும்விட்டான். பத்து வருஷமாகத் தினம் வேலைக்குப் போகிறவன் செய்வதைப் போல.

ஜூராவின் முகம் இருண்டது. ‘மூடப்பட்டது’ என்ற பலகையைச் சன்னலில் வைத்தாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். கிர்கிஸில் பேசினாள்.

“எத்தன வருஷமா மாஸ்கோவுல இருக்கீங்க?”

“இன்னைக்குக் காலைலதான்—”

“பொய். இங்கயே பொறந்தவங்க கூட இவ்வளவு லாவகமாச் சீட்டு வாங்க மாட்டாங்க. சில்லறைய முன்கூட்டியே எண்ணி வச்சிருந்தீங்க. கண்ணாடிக்கு அடியில எப்படிக் கை நீட்டணும்னு தெரிஞ்சிருக்கு. ரஷ்யன் தெரியாது, யாக் மேய்க்கிறேன், மேட்டுல குதிரமேல இருக்கேன்னெல்லாம் சொன்னீங்களே! இங்க ஒருத்தி இருக்காளா? புள்ளங்க இருக்கா?”

ரஷ்யன் சரியாக வராது என்றுதான் எசென்குல் இத்தனை நாள் பயந்தான். சரியாக வந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததே இல்லை. தொப்பியைக் கழற்றினான். மடிப்பிலிருந்து ஒவ்வொன்றாக எட்டுச் சீட்டையும் எடுத்து அவள் கையில் வைத்தான். எந்தெந்த நிலையத்தில் யார் யார் கேட்டு இறங்கினான் என்பதையும் வரிசையாகச் சொன்னான். கேக் பெட்டிப் பெரியவரை விடவில்லை. நாய்க்குட்டியை விடவில்லை. தோழர் லெப்டினன்ட்டையும் விடவில்லை.

ஜூரா முதலில் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் பார்த்தாள். அவள் தொழில் அது. எல்லாம் இன்றைய சீட்டு. எல்லாம் ஒரு பயணம். “சிவப்பு வாசல்லயே இறங்கிட்டீங்களா? முதல் நிலையத்துலயா?” என்றாள். “கேட்டாங்களே” என்றான் அவன். “கேட்டா?” “கேட்டா இறங்கணும்ல?”

அவ்வளவுதான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கி நிமிர்ந்து, “ஏழு தடவயா?” என்று கேட்டுவிட்டு மறுபடி சுவரைப் பிடித்தாள். அந்தச் சத்தம் கீழே நடைமேடைவரை கேட்டதாகவும், ஒரு ரயில் அதற்காக நின்றதாகவும் சொல்கிறார்கள். ரயில் எப்படியும் அங்கே நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த இறைச்சி வைத்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். தூறல் விட்டிருந்தது. தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டு, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீங்களே எல்லாரையும் கேட்டீங்களா? எட்டு ஊழியருங்க, ஒரு காவலரு, எல்லாரையும்?”

“வேற யாரு இருக்கா கேக்க?”

“ஒரு தடவ கூடத் திரும்பிப் போயிரலாம்னு தோணலையா?”

எசென்குல் யோசித்துப் பார்த்தான். “எப்படிப் போறது? திரும்பிப் போறதுக்கு வாக்கியம் எதுவும் நோட்டுல இல்லையே.”

அவள் அவனைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. தன் ரொட்டியில் பெரிய துண்டை அவன் பக்கம் தள்ளினாள். “எங்கக்கா பக்கத்து ஊரு மித்தீஷில இருக்கா. ஞாயித்துக்கிழமை உங்கள அங்க கூட்டிக்கிட்டுப் போறேன். அவதான் எல்லாம் பேசணும். கைய மட்டும் பிடிக்கமாட்டேன், நீங்களே சீட்டு வாங்கிக்கணும்.”

“வாங்கிக்கிறேன்.”

ஒன்றரைக்கு அவள் எழுந்தாள். “ராத்திரி எட்டுக்குத்தான் வேலை முடியும். இங்கயே இருங்க. யாராவது வந்து மரியாதையா எதாவது கேட்டா, எந்திரிச்சுப் போயிராதீங்க.”

எசென்குல் இருந்தான். பெரிய வெள்ளைத் தொப்பியும் அசையாத உடம்புமாக நிலைய வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவனுக்கு ஊர் தெரியும் என்று மக்கள் நினைப்பது இயல்பு. மூன்று மணி வாக்கில் ஒரு தம்பதி நடு ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அவன் சொன்னான். பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் கஸான் ஸ்டேஷனைக் கேட்டார். “பதினோராவது நிலையம். ஆம்பளக் குரல் முதல்ல வரும், அது மாறினாலும் பயப்படாதீங்க. கதவோரத்துல நில்லுங்க, யாராவது கேட்டா இல்லன்னு சொல்லி வழிவிடுங்க” என்றான், எல்லாம் ரஷ்யனில், உருளைக்கிழங்கு ஒன்றும் கலக்காமல். எட்டு மணிக்குள் இருபத்து மூன்று பேருக்கு வழி சொன்னான். அவர்களில் யாரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. வந்திருந்தால் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.